ஷிஃப்ட், டிரான்ஸிஷன், ஓவர்ஹால், ரீஃபார்ம்: எச்.ஆர். மெயிலை இப்படிப் படிங்க

சம்பளம் பத்தி கம்பெனி மெயில் வரும்போது 'மாற்றம்'னு நேரா வராது. ஷிஃப்ட், டிரான்ஸிஷன், ஓவர்ஹால், ரீஃபார்ம்னுதான் வரும். இந்த வார்த்தைகள் ஒரே பொருள் தர்றவை இல்லை. ஒவ்வொன்னும் ஒரு கேள்வியை மறைக்குதுங்கிறது என் கருத்து.

ஒரு உதாரணம் போடுவோம். உங்க சி.டி.சி. வருஷம் 7,20,000 ரூபாய், முழுசும் ஃபிக்ஸட்னு வெச்சுக்குங்க. மாசம் 60,000. "பெர்ஃபார்மன்ஸ் கல்ச்சரை நோக்கி ஒரு ஷிஃப்ட். உங்க சி.டி.சி. குறையாது"னு மெயில் வருது. இணைப்பைத் திறந்தா 85 சதவீதம் ஃபிக்ஸட், 15 சதவீதம் வேரியபிள்.

ஷிஃப்ட்னா இங்கிருந்து அங்க நகர்றது. அப்போ எதிலிருந்து எதுக்கு, எவ்வளவு ரூபாய்? பிடித்தத்துக்கு முன்னாடி மாசச் சம்பளம் 51,000 ஆகுது. வருஷத்துக்கு 1,08,000 ரூபாய் 'வந்தா வரும்' கணக்குக்குப் போயிடுச்சு. 70 சதவீதம்தான் பேஅவுட் கொடுத்தாங்கன்னா கைக்கு வர்றது 75,600. மீதி 32,400 போச்சு. சி.டி.சி. தாள்ல மட்டும் அதே 7,20,000 இருக்கும்! உங்க இ.எம்.ஐ. மாசாமாசம் போகும், வேரியபிள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்.

டிரான்ஸிஷன்னா இடைக்காலம். அதுக்கு ஆரம்பமும் முடிவும் இருக்கணும். எந்த மாசச் சம்பளத்துல இருந்து, முதல் பேஅவுட் எப்போ, அதுக்கு முன்னாடி வேலையை விட்டா விகிதாச்சாரப்படி கிடைக்குமா? பல கம்பெனிகள்ல பேஅவுட் தேதியில நீங்க வேலையில இருந்தாத்தான் பணம்.

ஓவர்ஹால்னா முழுசாப் பிரிச்சு மாட்டுறது. இங்க "எது மாறலை?"ன்னு கேளுங்க. பேசிக், பி.எஃப்., இன்ஷூரன்ஸ், நோட்டீஸ் பீரியட் நாலையும் பழைய லெட்டரோட வரிவரியா ஒப்பிடுங்க.

ரீஃபார்ம்தான் நான் ரொம்ப சந்தேகப்படுற வார்த்தை. ஏற்கனவே இருந்தது தப்பு, இது சட்டப்படி சரிங்கிற தொனி அதுல இருக்கு. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமல்ல இருக்கு. அலவன்ஸ்கள் மொத்தத்துல பாதியைத் தாண்டினா, தாண்டின தொகையும் 'ஊதியம்'னு கணக்காகும்ங்கிறது அதுல ஒரு விதி. பி.எஃப்., கிராஜுவிட்டி கணக்கு இதனால மாறலாம். ஆனா ஃபிக்ஸட்ல 15 சதவீதத்தை வேரியபிளுக்கு மாத்தச் சொல்லி அந்தச் சட்டம் சொல்லலை. அது கம்பெனியோட முடிவு. ரெண்டையும் ஒரே மெயில்ல, ஒரே வார்த்தைக்குள்ள போடுறது நியாயமில்லை.

அக்செப்ட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ரெண்டு வரி பதில் அனுப்புங்க: "என் பழைய, புதிய மாசச் சம்பளப் பிரிவை அருகருகே தர முடியுமா? இதுல எது சட்டத்தால வர்ற மாற்றம், எது கம்பெனி முடிவு?" பதில் எழுத்துல வரட்டும்.