‘இஞ்சி 500 மி.கி.’ என்பதன் பொருள் என்ன?

இஞ்சி கேப்சூல் குப்பிகளின் மேல் அச்சாகும் தொடர்களுள் மிகப் பொறுப்பற்றது ‘இயற்கையானது, பக்கவிளைவு அற்றது’ என்பது. அதற்கடுத்த இடம் ‘இஞ்சி 500 மி.கி.’ என்பதற்கு உரியது. முதலாவது பொய் என்பது எளிதில் விளங்கும். இரண்டாவது பொய்யன்று, ஆயினும் அதைக் கொண்டு எவரும் அளவைக் கணிக்க இயலாது. பேருந்துப் பயணத்துக்காக வாங்குபவருக்கு அது சிறு குறையாக இருக்கலாம். கருவுற்ற பெண்ணுக்கு அவ்வாறன்று.

தமிழில் பச்சையாக இருப்பது இஞ்சி, உலர்ந்தது சுக்கு. இந்தியிலும் அத்ரக், சோண்ட் என்று இரு சொற்கள் உண்டு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறது. சீட்டு எழுதுவோர் அந்த ஒற்றைச் சொல்லை ‘இஞ்சி’ என்று பெயர்த்துவிட்டு அமைதி அடைகின்றனர். (அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் திராவிடம் என்று மேடைதோறும் பெருமை பேசுவோரும் குப்பியைத் திருப்பிப் பார்ப்பதில்லை.) வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. உலரும்போது இஞ்சியின் ஜிஞ்ஜெரால்களில் ஒரு பகுதி நீரிழந்து ஷோகாவோல்களாக மாறுகிறது. கேப்சூலிலோ மூன்றாவது பொருள் ஒன்றும் இருக்கக்கூடும்: சுக்கிலிருந்து வடித்துச் செறிவாக்கிய சாறு. மூன்றும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன.

பயன் இருப்பதாகக் காட்டிய புகழ்பெற்ற ஆய்வுகள் பொடியைக் கொண்டு நடந்தவை. 1982இல் மௌரி, கிளேசன் ஆகியோர் சுழலும் நாற்காலியில் மாணவர்களை அமர்த்திச் செய்த பயணக் குமட்டல் சோதனையில் தரப்பட்டது 940 மி.கி. பொடி. 2001இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் கருவுற்ற பெண்கள் நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் நான்கு நாட்கள் உட்கொண்டனர். வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அவர்களுக்குக் குமட்டல் குறைந்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டலில் உள்ளதும் அதே அளவுதான்: 250 மி.கி. வீதம் நாளுக்கு நான்கு முறை. ஐரோப்பிய மருந்து முகமையோ பயணத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு 1 முதல் 2 கிராம் பொடியை ஏற்கிறது. கருவுற்ற காலத்தில் தவிர்ப்பதே நன்று என்கிறது. இரு அமைப்புகளும் முரண்படலாம். ஆனால் இரண்டும் எப்பொருளைப் பற்றிப் பேசுகின்றன என்பதைத் தெளிவாகச் சொல்கின்றன.

இப்போது ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். எட்டாவது வாரம். முன்னர் கரு கலைந்தமையாலும் இரத்தம் எளிதில் உறையும் கோளாறு கண்டறியப்பட்டமையாலும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் நாள்தோறும் ஹெப்பாரின் ஊசியும் பெறுகிறாள். காலைக் குமட்டலுக்கு அண்டை வீட்டார் சொல்ல, கேப்சூல் வாங்குகிறாள். காலை ஒன்று, இரவு ஒன்று. அது பொடியாயின் நாளுக்கு 1 கிராம், ஆய்வுகளின் அளவேதான். பத்துக்கு ஒன்றாகச் செறிவாக்கிய சாறாயின், ஏறத்தாழ 10 கிராம் சுக்குக்கு நிகர். வடிக்கும் முறையைப் பொறுத்து இது மாறலாம் என்பது உண்மையே. மாறும் என்பதே இங்குள்ள குற்றச்சாட்டு. எழுத்தோ இரண்டிலும் ஒன்றே.

இஞ்சி இரத்தத்தை நீர்க்கச் செய்யும் என்று அஞ்சுவதிலும் மிகை உண்டு. ஆய்வகத்தில் ஜிஞ்ஜெரால்கள் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டித் திரள்வதைத் தடுக்கின்றன. ஆனால் 2005இல் நலமான ஆண்களிடம் நடந்த சிறிய ஆய்வில் இஞ்சி வார்ஃபரினின் செயலைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், வார்ஃபரினின் இனத்தைச் சேர்ந்த மருந்து உண்டுவந்த 76 வயதுப் பெண் ஒருவர் இஞ்சிப் பொருட்களையும் உட்கொண்டு, உறைதல் அளவுகோல் கட்டுக்கடங்காமல் உயர்ந்து, மூக்கில் இரத்தம் வடிந்த நிலையில் பதிவானார். நலமான ஆண்களின் முடிவை நோயுற்றோருக்கும் கருவுற்றோருக்கும் நீட்டுவது முறையன்று. ஒரு தனி நிகழ்வை விதியாக்குவதும் முறையன்று. ரசத்தில் தட்டிப்போட்ட இஞ்சிக்கு இந்த அச்சம் வேண்டியதில்லை. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தின்மேல் நாள்தோறும் கேப்சூல் சேர்வதுதான் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய செய்தி. பல் துலக்கும்போது ஈறு கசிதல், காரணமின்றித் தோலில் நீலம் பாய்தல், மலம் கறுத்தல், கருவுற்றவளுக்கு எவ்வளவு சிறிதாயினும் உதிரப்போக்கு ஆகியவை தென்பட்டால் கேப்சூலை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தண்ணீரும் தங்காமல் வாந்தி தொடர்ந்து, சிறுநீர் குறைந்து கறுத்தால், அது கேப்சூலால் தீரும் நிலை அன்று.

இந்தியாவில் இக்குப்பி ஆயுர்வேத மருந்தாகவும் வரலாம், உணவுச் சேர்ப்பாகவும் வரலாம். உணவுச் சேர்ப்பெனின் ‘மருத்துவப் பயன்பாட்டிற்கன்று’ என்று பொறிக்க வேண்டும் என்பது விதி. விளம்பரம் குமட்டலுக்கு என்று அழைக்கிறது. சீட்டின் மூலையில் சிற்றெழுத்து கைகழுவுகிறது. சீட்டில் வேண்டியவை மூன்று வரிகள் மட்டுமே: பொடியா சாறா என்பது, சாறெனின் எத்தனைக்கு ஒன்று என்பது, இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும் என்பது. ‘இயற்கையானது’ என்னும் சொல் அடைத்துள்ள இடமே மூன்றுக்கும் போதும்.