விசேஷம் உண்டா?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எங்கள் ஊர்களில் 'விசேஷம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். 'எந்துண்டு விசேஷம்?' என்று மலையாளத்தில் கேட்டால் நலம் விசாரிப்பது. கல்யாணமான பெண்ணிடம் தமிழில் 'விசேஷம் உண்டா?' என்றால், வயிற்றில் உண்டா என்பது. எங்கள் தோழியிடம் நாங்கள் நால்வரும் மூன்று ஆண்டுகளாக இரண்டாவதை மட்டுமே கேட்டோம். முதலாவதைக் கேட்கவே இல்லை.

அதற்கு முன், 'கல்யாணச் சோறு எப்போ?' என்று கேட்டு வந்தோம். கல்யாணமாகி மூன்றாம் மாதமே கேள்வி மாறிவிட்டது. ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால்தான் மருத்துவர்கள் பொதுவாகப் பரிசோதனைக்குச் சொல்வார்கள். எங்களுக்கு அந்தப் பொறுமைகூட இல்லை. 'பாப்போம்' என்று அவள் சிரித்தாள். அதை, மறுபடியும் கேட்கலாம் என்ற சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

களியக்காவிளையில் ஒரு கல்யாணப் பந்தி. பாயசத்தில் பப்படமும் பழமும் பிசைந்து உண்பது அவளுக்கு உயிர். எங்களில் ஒருத்தி கேட்டதும் பிசைந்த கை அப்படியே நின்றது. இலையை மடக்கிவிட்டு எழுந்துபோனாள். 'மசக்கையா இருக்கும்' என்று நாங்கள் குசுகுசுத்தோம்.

இரண்டு நாள் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, பாசத்திலதான் கேக்குதீங்கன்னு தெரியும். ஆனா ஒவ்வொரு தடவையும் பரீட்சையில தோத்த மாதிரி இருக்கு. உங்களப் பாக்கணுமேன்னு பயந்தே ரெண்டு கல்யாணத்துக்கு வரல்ல. சொல்ல ஏதாவது இருந்தா உங்ககிட்டதான் முதல்ல சொல்லுவேன். அதுவரைக்கும் கேக்காண்டாம்."

யாரையும் பழிக்காமல், தனக்கு நேர்வதையும் தனக்கு வேண்டியதையும் அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். காரணத்தைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. நானோ, "நல்லதுக்குத்தானே கேட்டோம்" என்றேன். வலித்தவளே என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று. "செரி, இனி கேக்க மாட்டோம்" என்ற ஒரு வரி போதுமாயிருந்தது. மற்ற மூவரிடமும் நானே சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. அவள் ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாக அதே பேச்சைப் பேச நேர்ந்தது.

உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் குழந்தைப்பேறின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. கரு கலைந்த துக்கத்தோடு, வெளியே சொல்லாமல் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. குழந்தையே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. கேட்பவருக்கு இவற்றில் எதுவென்று தெரியாது.

இதற்கிடையில் அவள் அமரவிளையில் தையல் கடை தொடங்கியிருந்தாள். அவள் அம்மாவுக்கு முட்டில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இரண்டுமே எங்களுக்குத் தெரியாது. வயிற்றைப் பற்றி அத்தனை முறை கேட்ட நாங்கள், அவளைப் பற்றி ஒருமுறையும் கேட்கவில்லை. இது எங்கள் நால்வரின் குற்றம்.

உங்கள் தோழி ஒருத்தி இப்போதெல்லாம் கல்யாண வீடுகளுக்கு வருவதில்லையா? அவள் வீட்டுக்குப் போங்கள். 'எந்துண்டு விசேஷம்?' என்று மட்டும் கேளுங்கள்.