டிஸ்க் போகப்போகுதா? எண்ணைப் பார்க்காதீங்க, அது ஏறுதான்னு பாருங்க

ஸ்டோரேஜ் பத்திப் பேசின எபிசோடுக்குப் பிறகு ஒரே கேள்வி பல விதமா வந்தது. "ஸ்மார்ட்ல ரீஅலொகேட்டட் செக்டர் 8 காட்டுது. டிஸ்க்கை மாத்தணுமா?" இன்னொரு பக்கம், "புது டிஸ்க், எல்லாமே 0, PASSED-ன்னும் வருது. நம்பலாம்ல?"

ரெண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: இந்த ஒரு ரீடிங்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஊரில் இ.பி.காரர் வந்து மீட்டரில் 48,210-ன்னு பார்த்துட்டுப் போனா, அந்த எண்ணை மட்டும் வைத்து இந்த மாதம் எவ்வளவு கரண்ட் செலவாச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. போன தடவை ரீடிங் வேணும். ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் எண்களும் அந்த மாதிரிதான். ஒரு தடவை பார்த்துவிட்டுப் பயப்படுவதும் தப்பு, நிம்மதி ஆவதும் தப்பு என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

முதலில் அந்த PASSED. `smartctl -H` கொடுத்தா வரும் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் ரொம்பக் குறுகியது. ஒவ்வொரு அட்ரிபியூட்டுக்கும் VALUE, THRESH, RAW_VALUE என்று எண்கள் உண்டு. ரா வேல்யூதான் நிஜமான எண்ணிக்கை. அதை டிஸ்க்கே ஒரு மதிப்பெண்ணாக மாற்றி VALUE-ல் போடுது. பெரும்பாலும் 100-ல் தொடங்கும், மோசமாக ஆக இறங்கும். அது THRESH-ஐத் தொட்டால்தான் டிஸ்க் தோல்வியை ஒத்துக்கும். அந்தக் கோட்டைப் போட்டது யார்? டிஸ்க் தயாரித்த கம்பெனி. அதனால் FAILED வந்தால் உடனே நம்புங்க. PASSED வந்தால், "கம்பெனி போட்ட கோட்டை இன்னும் தொடலை" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இனி ரெண்டு அட்ரிபியூட்டை மட்டும் எடுத்துக்கலாம். 5 என்பது ரீஅலொகேட்டட் செக்டர், 197 என்பது பென்டிங் செக்டர். இந்த ரெண்டுக்கும் இடையில் என்ன நடக்குதுன்னு புரிஞ்சா பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்கப் பார்க்குது, முடியலை. பிழைதிருத்தக் கோடாலும் சரிபண்ண முடியலை. உடனே அதை உதிரி செக்டருக்கு மாற்ற முடியாது, ஏன்னா உள்ளே என்ன இருந்ததுன்னே தெரியாது. அதனால் "சந்தேகத்துக்குரியது" என்று குறித்து வைக்கும். 197 ஏறும். அடுத்து யாராவது அந்த இடத்தில் எழுதும்போதுதான் தீர்ப்பு. எழுதியது சரியாக நின்றால் பழி நீங்கும், 197 இறங்கும், 5 அசையாது. நிற்கவில்லை என்றால் உதிரி செக்டருக்கு மாற்றும். 197 இறங்கும், 5 ஏறும்.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன ஆபீஸில், லினக்ஸ் மென்பொருள் ரெய்டில் ஓடும் நாஸில், ஒரே நாளில் ரெண்டு டிஸ்க் இப்படி வந்தது (தேவையான பத்திகள் மட்டும்):

```
                           VALUE THRESH RAW_VALUE
sda   5 Reallocated_Sector_Ct   100  010   0
sda 197 Current_Pending_Sector  100  000   8
sdb   5 Reallocated_Sector_Ct   100  010   8
sdb 197 Current_Pending_Sector  100  000   0
```

இதில் அந்த 8 ஏன் 8? இந்த டிஸ்க்குகள் உள்ளே 4096 பைட் செக்டர் வைத்துக்கொண்டு, வெளியே 512 பைட் என்று காட்டுபவை. ஒரு நிஜ செக்டர் கெட்டால் கணக்கில் 8 ஏறும். எல்லா மாடலும் இப்படி எண்ணுவதில்லை. ஆனா 8, 16, 24 என்று எட்டின் மடங்காகவே ஏறினால் நீங்க பார்ப்பது ஒன்று, ரெண்டு, மூணு செக்டர்தான்.

முதல் வேலை, பேக்கப் முழுசா இருக்கான்னு பார்த்தது. அடுத்து ரெய்டை முழுக்கப் படிக்க வைத்தோம்:

```
echo check > /sys/block/md0/md/sync_action
```

இது ஓடும்போது ஒரு டிஸ்க்கில் ஒரு செக்டர் படிக்க முடியலைன்னா, மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்தத் தரவைக் கணக்குப் பண்ணி அதே இடத்தில் திரும்ப எழுதும். அதாவது, மேலே சொன்ன தீர்ப்பை வரவழைக்கும். sda-வில் 197 பூஜ்யத்துக்கு வந்தது, 5 பூஜ்யத்திலேயே நின்றது. தகட்டில் கோளாறு இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்கூட இப்படி ஆகும். ஆறு வாரம் கழித்தும் அதே எண்கள். அது இன்னும் ஓடுது.

sdb கதை வேறு. அதே வாரக் கடைசியில் 5-ல் 24. அடுத்த வாரம் 24-லேயே நின்றது. மூணாவது வாரம் 64, கூடவே 197-ல் 16. கழட்டிட்டோம். கவனிங்க, அந்தக் கடைசி நாளிலும் sdb-இன் VALUE 100, தீர்ப்பு PASSED. முதல் நாள் ரெண்டிலும் தெரிந்தது அதே 8. பிரித்துக் காட்டியது மூணு வாரத்து ரீடிங்குகள்தான்.

ஒரு எச்சரிக்கை. ரெய்ட் இல்லாத ஒற்றை டிஸ்க்கில் 197 ஏறினால் டெஸ்ட் ஓடவிடாதீங்க. முதலில் தரவை நகல் எடுங்க. நீளமான டெஸ்ட் டிஸ்க் முழுவதையும் படிக்கும். சாகப்போகும் டிஸ்க்குக்கு மிச்சமிருக்கும் உயிரை டெஸ்டுக்குச் செலவு பண்ணாமல் நகலுக்குச் செலவு பண்ணுங்க.

சரி, பூஜ்யம் காட்டினால்? 2007-ல் கூகுள் ஆட்கள் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. முதல் ரீஅலொகேஷன் வந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் போவதற்கான வாய்ப்பு மற்றவற்றைவிட 14 மடங்குக்கு மேல். எண் ஏறத் தொடங்குவதை ஏன் இவ்வளவு முக்கியமாகச் சொல்றேன்னா இதனால்தான். ஆனா அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல், ரீஅலொகேஷன் உட்பட நாலு முக்கிய அறிகுறிகளில் ஒன்றுகூடக் காட்டவே இல்லை. அறிகுறி வந்தால் அது கெட்ட செய்தி. வராதது நல்ல செய்தி அல்ல, செய்தியே அல்ல.

அதுக்கும் மேலே, நாம் இருக்கும் ஜெர்மனியிலேயே 2025 தொடக்கத்தில் வந்த விவகாரம். ஹைசே தளத்துக்கு வாசகர்களிடமிருந்து புகார்கள் குவிந்தன. புதுசு என்று வாங்கிய சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகள் உண்மையில் பல ஆயிரம் மணி நேரம் ஓடியவை. சில 20,000 மணியையும் தாண்டியவை. அந்த டிஸ்க்குகள் தன்னிடமிருந்து நேராகக் கடைக்குப் போனவை அல்ல என்று சீகேட் சொன்னது. நம் விஷயத்துக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான்: யாரோ ஸ்மார்ட் கணக்கையே அழித்துப் பூஜ்யமாக்கி வைத்திருந்தாங்க. மீட்டரையே திருப்பி வைத்த மாதிரி. சாதாரணமாகப் பார்த்தால் தொட்டிலில் கிடக்கும் குழந்தை, உள்ளே மூணு வருஷம் வேலை பார்த்த ஆள்.

மாட்டிக்கொண்டது எப்படின்னா, சீகேட் டிஸ்க்குகளில் ஸ்மார்ட்டுக்கு வெளியே ஃபார்ம் என்று தனியாக ஒரு பதிவு உண்டு. அதைத் திருப்ப மறந்துட்டாங்க. smartmontools 7.4-லிருந்து அதைப் படிக்கலாம்:

```
smartctl -l farm /dev/sda
```

அதிலுள்ள ஓடிய மணி நேரமும், `smartctl -A` காட்டும் Power_On_Hours-உம் ஒத்துப்போகணும். போகலைன்னா திருப்பி அனுப்புங்க. ஒத்துப்போனாலும் அது சத்தியப்பிரமாணம் இல்லை. எந்தப் பதிவும் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும்வரை மாற்றக்கூடியதுதான். அதோடு மற்ற கம்பெனி டிஸ்க்குகளில் இந்த வசதியும் கிடையாது.

அதனால் நான் சொல்வது: டிஸ்க் தரும் கடந்தகாலக் கணக்கை நம்பாமல், உங்கள் கணக்கை முதல் நாளிலிருந்து நீங்களே தொடங்குங்க. டிஸ்க் வந்ததும் `smartctl -x` வெளியீட்டைத் தேதி போட்டு ஒரு ஃபைலில் வைங்க. முழுக்க ஒரு தடவை எழுதுங்க, பிறகு `smartctl -t long`. 16 டெராபைட் டிஸ்க்குக்கு டெஸ்ட் மட்டுமே சுமார் ஒரு நாள் பிடிக்கும், பரவாயில்லை. முடிந்ததும் ரெண்டாவது ரீடிங். 5 அல்லது 197 இதற்குள்ளேயே அசைந்தால் அந்த டிஸ்க் வேண்டாம். தனிநபராக ஆன்லைனில் வாங்கியிருந்தால் இங்கே திருப்பி அனுப்ப 14 நாள் உண்டு, இந்த வேலை அதற்குள் முடிந்துவிடும். அப்புறம் பிரச்சினை வந்தாலும், தேதி போட்ட அந்த ஃபைல் கடைக்காரரிடம் பேச உதவும்.

அதற்குப் பிறகு கண்காணிப்பை smartd பார்த்துக்கட்டும். ஆனா இங்கே ஒரு ஓட்டை. வழக்கமாக எல்லாரும் போடும் `-a` மட்டும் இருந்தால், பென்டிங் செக்டருக்கு மெயில் வரும். ரீஅலொகேட்டட் 8-லிருந்து 24 ஆனால் வராது, ஏன்னா VALUE இன்னும் 100. ரா வேல்யூ மாறினால் சொல்லு என்று தனியாகக் கேட்கணும்:

```
/dev/sda -a -R 5! -m root -s L/../01/./02
```

கடைசிப் பகுதி, மாதம் ஒண்ணாம் தேதி அதிகாலை 2 மணிக்கு நீளமான டெஸ்ட். அது ரொம்ப அவசியம். பல மாதம் யாரும் படிக்காத இடத்தில் செக்டர் கெட்டிருந்தால், யாராவது படிக்கும்வரை 197-க்குத் தெரியாது.

எப்போ மாத்தணும்? என் அளவுகோல் இது. 5 ஒரு தடவை ஏறி மாதக்கணக்கில் அப்படியே நின்றால், ரெய்டில் ஓடட்டும். ஆனா ஒரே நகல் இருக்கும் இடத்தில் அதை வைக்க மாட்டேன். ஒரு மாதத்துக்குள் ரெண்டாவது தடவை ஏறினால், எண் எவ்வளவு சின்னதானாலும் புதுசு ஆர்டர் போட்டுடுவேன். 40-ல் ரெண்டு வருஷமா அசையாமல் நிற்கும் டிஸ்க்கைவிட, மூணு வாரத்தில் 8-லிருந்து 24-க்குப் போன டிஸ்க்தான் எனக்குப் பயம்.

இதையெல்லாம் தாண்டி, எதுவுமே காட்டாமல் சாகும் அந்த 56 சதவீதம் பாக்கி இருக்கு. அதுக்கு ஸ்மார்ட்டில் பதில் கிடையாது, பேக்கப்பில்தான் இருக்கு. உங்கள் டிஸ்க்கின் இன்றைய ரீடிங்கை இன்றைக்கே ஒரு ஃபைலில் போட்டு வைங்க. அடுத்த மாதம் அதை வைத்துத்தான் கேள்வியே கேட்க முடியும்.