கவர்னரை ஆளுநர் ஆக்காதீர்கள்

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. பறித்த கொழுந்து அதற்காகக் காத்திருக்குமா? அட்டனோ நுவரெலியாவோ, தேயிலைத் தொழிற்சாலையில் ஜெனரேட்டர் ஓடியே ஆகவேண்டும். அதை ஓட்டுகிறவர் தமிழர், அதன் கையேடோ இங்கிலிஷில். தமிழில் கேட்டால் உடனே அகராதியைத் திறக்கிறார்கள். லோட் 'சுமை' ஆகிறது, கவர்னர் 'ஆளுநர்' ஆகிவிடுகிறார். இதை மொழிபெயர்ப்பு என்று நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

'குறைந்த சுமையில் நீண்டநேரம் இயக்கக்கூடாது' என்று எழுதினால் தோட்டத்தில் யார் நம்புவார்? கூடைச் சுமை குறைந்தால் நல்லதுதானே! டீசல் எஞ்சினுக்கு அப்படியில்லை. 100 கேவிஏ ஜெனரேட்டர் 80 கிலோவாட் தரும். பொதுவாகச் சொல்லும் கீழ் எல்லை அதில் 30 சதவீதம், அதாவது 24 கிலோவாட். ரோலர்களை நிறுத்திவிட்டு, கொழுந்து வாட்டும் ஃபேன் மட்டும் 12 கிலோவாட்டில் ராத்திரி முழுக்க ஓடினால் எஞ்சின் போதுமான அளவு சூடாகாது. டீசல் முழுசா எரியாமல் புகைக்குழாயில் கறுப்புப் பிசுக்காக வடியும். கையேடு சொல்லவேண்டியது இந்தக் காரணத்தையும் அந்தப் பிசுக்கையும்தான்.

கவர்னர், லோடுக்கு ஏற்ப டீசலைக் கூட்டிக் குறைத்து எஞ்சினின் வேகத்தைக் காக்கும் பகுதி. பழைய மெக்கானிக்கல் கவர்னரை, லோடே இல்லாதபோது 52 ஹேர்ட்ஸ் காட்டும்படி வைப்பார்கள். முழு லோடில் அது 50க்கு இறங்கும். இது பழுதல்ல, அதன் இயல்பு. 'அதிர்வெண் 50 ஆக இருத்தல் வேண்டும்' என்று மொட்டையாக எழுதினால், படிப்பவர் லோட் இல்லாத நேரத்தில் ஸ்க்ரூவைத் திருகி 50இல் வைப்பார். முழு லோடில் அது 48க்கு விழும். மோட்டார்கள் மெதுவாகும், ஃபேனில் காற்று குறையும். ஒரே ஒரு வரி விட்டுப்போனதன் விலை இது.

ஆபத்து அதிகம் 'தன்னியக்க மாற்றி'யில். கரண்ட் போனால் அது சில விநாடி பொறுத்து எஞ்சினைத் தானாகவே ஸ்டார்ட் செய்யும். வோல்டேஜ் நிலைத்ததும், வெளி லைனைத் துண்டித்த பிறகே ஜெனரேட்டரை இணைக்கும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் மின்சாரம் வெளி லைனுக்குள் ஏறி, கம்பத்தில் வேலைசெய்கிறவரைக் கொல்லலாம். கரண்ட் திரும்பிய பிறகும் எஞ்சின் சூடு ஆற சில நிமிடம் லோட் இல்லாமல் ஓடும். அதைப் பழுது என்று நினைத்து நிறுத்தக்கூடாது. AUTO நிலையில் சும்மா நிற்கிற எஞ்சின் எந்த நொடியும் சுழலத் தொடங்கும். ஆகவே பெல்ட்டில் கைவைக்கும் முன் STOP நிலைக்கு மாற்றி, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றவேண்டும். இந்த வசனம் 'பராமரிப்பு' அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கக்கூடாது. பேனல் கதவிலேயே தமிழில் இருக்கவேண்டும்.

'தூய தமிழ் எங்கே?' என்று கேட்பவர்களுக்கு: லோட், கவர்னர், பேட்டரி எல்லாம் மெஷின் அறையில் ஏற்கெனவே தமிழாகிவிட்ட சொற்கள். இன்னும் தமிழுக்கு வராமல் இருப்பது 'ஏன்', 'எதற்குப் பிறகு', 'இல்லாவிட்டால் என்ன' என்பவைதான். முதலில் அவற்றை மொழிபெயருங்கள்.