சாமியா, சிலையா? ஐந்து வரிக் குறிப்புக்கு வந்த சண்டை

 

மூன்று நாளாக வட்ஸ்அப் குழுக்களில் என் பெயர் அடிபடுகிறது. ஒரு பக்கம், "முஸ்லிம் வாத்தியார் எங்கள் சாமியைச் சிலை என்று எழுத வைத்தார்." மறுபக்கம், "நம்ம பிள்ளைகளைக் கொண்டுபோய் சிலைக்கு விளக்கம் எழுத வைத்தார்." இரண்டு பேரும் அந்தக் குறிப்பை முழுதாக வாசிக்கவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்து வாசியுங்கள்.

தரம் 9 பிள்ளைகளை வரலாற்றுப் பாடத்துக்காகக் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு அழைத்துப் போனேன். அங்கே பொலன்னறுவையில் கிடைத்த வெண்கல உருவங்கள் இருக்கின்றன: நடராஜர், பார்வதி, சைவ நாயன்மார்கள். திரும்பி வந்ததும் பாடசாலைக் கண்காட்சிக்கு நடராஜர் படத்தைப் பெரிதாக்கி ஒட்டினோம். அதன் கீழே, நூதனசாலையில் வைப்பது போல, பார்க்க வருபவர்களுக்காக ஒரு குறிப்பு எழுதும்படி பிள்ளைகளிடம் சொன்னேன்.

முதல் குறிப்பு ஓர் இந்துப் பிள்ளை எழுதியது. "அகிலத்தையே ஆட்டுவிக்கும் எம்பெருமான் ஆனந்தத் தாண்டவம் ஆடி அடியார்க்கு அருள்பாலிக்கும் திருக்கோலம்." அழகான தமிழ். கோயில் மலரில் வந்தால் நானும் ரசிப்பேன். ஆனால் இது எங்கே கிடைத்தது, எதனால் ஆனது, எந்தக் காலத்தது என்று ஒன்றுமே அதில் இல்லை. நம்புகிறவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை அது திரும்பச் சொல்கிறது. நம்பாதவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது ஒரு முஸ்லிம் பிள்ளை எழுதியது. "நடராஜர் சிலை. வெண்கலம். பொலன்னறுவை. சோழர் காலம்." பாவம், தவறாக எதையும் எழுதிவிடக் கூடாது என்ற பயம். ஆனால் "நடராஜர்" என்ற பெயரை எடுத்துவிட்டு "குத்துவிளக்கு" என்று போட்டாலும் அந்தக் குறிப்பு அப்படியே பொருந்தும். பக்தியை எடுக்கப் போய் பொருளையே எடுத்துவிட்டான்.

அப்போது ஒரு கத்தோலிக்கப் பிள்ளை கேட்டாள், "சேர், இத வச்சு அவங்க என்னதான் செஞ்சாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் நூதனசாலைக் குறிப்பின் வேலை. பதில் நம் தெருவிலேயே இருக்கிறது. ஆடிவேல் வரும்போது செட்டியார் தெருவில் நின்று பார்க்காத பிள்ளை இந்த வட்டாரத்தில் உண்டா? கோயிலில் மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை, பெரும்பாலும் கல். வீதிக்கு வருபவர் உற்சவர், உலோகம். பொலன்னறுவை வெண்கலங்கள் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. இத்தகைய உருவங்களின் பீடங்களில் துளைகளோ வளையங்களோ இருக்கும். தண்டு கோத்துக் கட்டித் தோளில் சுமப்பதற்காக வைத்தவை அவை. அதைச் சொன்னதும் பிள்ளைகள் முகத்தை விட்டுவிட்டுப் பீடத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இன்னொரு விஷயமும் நடந்தது. பார்வதி உருவத்துக்கு முன்னால் சில பையன்கள் சிரித்தார்கள். நான் அதட்டவில்லை. "கோயிலில் இந்த உருவத்தை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. பட்டுச் சாத்தி, நகை போட்டு, மாலை சூட்டித்தான் வெளியே வரும். நீங்கள் பார்ப்பது உடுத்துவதற்கு முந்திய நிலை" என்றேன். சிரிப்பு நின்றது. இந்த ஒரு தகவல் இல்லாமல் போனால் பெரியவர்களும் தடுமாறுவார்கள். நம் நாட்டின் கிழக்குக் கரையில் கிடைத்த தாரா தேவியின் வெண்கல உருவத்தை ஆளுநர் பிரவுன்ரிக் 1830இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அது ஒரு வழிபாட்டு உருவம். ஆனால் அது பார்ப்பவர்களுக்குக் காம உணர்வைத் தூண்டும் என்று நினைத்து, ஏறத்தாழ 30 ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் வைத்திருந்தார்கள்.

அடுத்தது தமிழின் சிக்கல். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இது கிடையாது. "சிவன் ஆடுகிறான்" என்றால் ஒருவருக்கு மனம் நோகும். "ஆடியருள்கிறார்" என்றால் எழுதுகிறவரே பக்தராகிவிடுகிறார். "சிவன் ஆடுகிறது" என்று எழுதவே முடியாது. நம் வினைச்சொல் முடிகிற இடத்தில் மரியாதை ஒட்டிக்கொண்டே வருகிறது. பிள்ளைகள் அரை மணித்தியாலம் இதற்காகவே வாதாடினார்கள். கடைசியில் "நடனமாடும் சிவனின் உருவம்" என்று ஒருத்தி எழுதினாள். வாக்கியம் இப்போது உருவத்தைப் பற்றியது. யாரும் நோக வேண்டியதில்லை, யாரும் கும்பிடவும் வேண்டியதில்லை.

அதன் பிறகு எல்லோரும் சேர்ந்து எழுதிய குறிப்பு இதுதான். சண்டை போடுவதற்கு முன் தயவுசெய்து வாசியுங்கள்:

"நடராஜர்: நடனமாடும் சிவனின் உருவம். வெண்கலம். பொலன்னறுவைச் சிவன் கோயில்களின் இடிபாடுகளில் கிடைத்த உருவங்களுள் ஒன்று.

இத்தகைய உருவங்கள் ஆடை, நகை, மலர் அணிவிக்கப்பட்டு விழா நாட்களில் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன.

முறைப்படி பிரதிஷ்டை செய்யப்பட்ட உருவத்தில் இறைவன் எழுந்தருளுகிறார் என்பது சைவர்களின் நம்பிக்கை. அவர்களுக்கு இது சிலை அல்ல, திருமேனி.

உடுக்கை படைத்தலையும் தீ அழித்தலையும் குறிப்பதாக 'உண்மை விளக்கம்' என்ற 13ஆம் நூற்றாண்டுச் சைவ நூல் சொல்கிறது.

இவை சோழநாட்டிலிருந்து வந்தவையா, இலங்கையில் வார்க்கப்பட்டவையா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்த கருத்துக்கு வரவில்லை."

இனி என்னோடு கோபித்துக்கொண்ட கோயில் ஐயாவுக்கு. ஐயா, உங்கள் "திருமேனி" என்ற சொல் அந்தக் குறிப்பில் இருக்கிறது. முதல் குறிப்பில்கூட அந்தச் சொல் இல்லை. வித்தியாசம் ஒன்றுதான்: அது யாருடைய சொல் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறோம். "இறைவன் இதில் எழுந்தருளுகிறார்" என்று சுவரில் எழுதி வைத்தால், சொல்வது நூதனசாலை. நூதனசாலைக்கு அதைச் சொல்ல என்ன அதிகாரம்? அங்கே அபிஷேகம் உண்டா, நைவேத்தியம் உண்டா? "சைவர்கள் இப்படி நம்புகிறார்கள்" என்று எழுதினால், சொல்வது நீங்கள். உங்கள் குரலை நான் அழிக்கவில்லை. அது உங்கள் குரல் என்று பெயர் போட்டு வைத்திருக்கிறேன்.

உடுக்கையும் தீயும் அப்படித்தான். "உடுக்கை என்றால் படைத்தல்" என்று மொட்டையாக எழுதுவது சுலபம். ஆனந்த குமாரசுவாமி எழுதிய கட்டுரை மூலம் அந்த விளக்கம் உலகமெல்லாம் பரவியது. அவரே அதற்கு ஆதாரமாக 'உண்மை விளக்கம்' முதலிய சைவ நூல்களைத்தான் காட்டினார். நூலின் பெயரைச் சொன்னால் சைவத்துக்குக் குறைவா? தமிழில் இப்படியொரு நூல் இருக்கிறது என்று என் வகுப்பில் இருந்த இந்துப் பிள்ளைகளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த இரண்டு மொழியும் நம் ஊருக்குப் புதிதல்ல. 1907, 1908இல் தொல்பொருள் ஆணையாளர் பெல் பொலன்னறுவையில் அகழ்ந்துகொண்டிருந்தார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் நம் பக்கத்தில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பினார். 1914இல் குமாரசுவாமி, கொழும்பு நூதனசாலையின் வெண்கலங்களுக்கு ஒரு விவரப் புத்தகம் வெளியிட்டார். கோயிலில் தேவாரம், நூதனசாலையில் விவரப் புத்தகம். ஒன்று மற்றதன் வாயை அடைக்கவில்லை. குமாரசுவாமி இராமநாதனுக்கு மிக நெருங்கிய உறவினர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி நம்மவர்களுக்கு. "சிலையைப் பற்றி எழுதுவதே பிழை" என்று ஒரு பெற்றார் குரல் பதிவு அனுப்பியிருந்தார். சகோதரரே, ஏறத்தாழ 1030இல் அல்பீரூனி இந்தியாவைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். அதில் இந்துக்களின் உருவ வழிபாட்டுக்குத் தனி அத்தியாயம் உண்டு. தன் நூல் மறுத்து வாதாடுகிற நூல் அல்ல, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடி எடுத்து வைப்பதே நோக்கம் என்று முன்னுரையிலேயே அவர் தெளிவாக்கினார். அவருடைய ஈமான் அதனால் குறைந்ததாக எந்த ஆலிமும் எனக்குச் சொன்னதில்லை. "சைவர்கள் நம்புகிறார்கள்" என்று எழுதிய பிள்ளை எதையும் நம்பச் சம்மதிக்கவில்லை. ஒரு செய்தியைச் சரியாக எழுதியிருக்கிறது.

அந்த நூதனசாலைக் கட்டடத்தை யார் கட்டியது? நம் வாப்பிச்சி மரைக்கார். 1877இல் திறந்தார்கள். என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைகளில் மூடுங்கள் என்று அவர் சொன்னதாக நம் வீடுகளில் கதை உண்டு. அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்கிறோம். அவர் கட்டிய கட்டடத்துக்குள் இருப்பதை வாசிக்கப் பிள்ளைகளுக்குப் பயமா?

இரண்டு தரப்புக்கும் ஒரே அளவுகோல் வைக்கிறேன். நாளை அதே நூதனசாலையில் ஒரு பழைய குர்ஆன் கையெழுத்துப் பிரதியை வைக்கிறார்கள் என்று நினையுங்கள். "பழைய அரபுப் புத்தகம், காகிதம், மை" என்று மட்டும் எழுதினால் நாங்கள் கொதிப்போம். "இது இறைவனின் இறுதி வேதம்" என்று எழுதினால் இந்துப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் நூதனசாலை தங்களுக்குப் போதனை செய்கிறது என்று நினைப்பார்கள். "முஸ்லிம்கள் இறைவேதமாக நம்பும் குர்ஆன், உளூவோடு தொட்டு ஓதப்படுவது" என்று எழுதினால் நாங்களும் தலையாட்டுவோம், அவர்களுக்கும் ஒரு விஷயம் தெரியும். நமக்குக் கேட்கிற நீதியை நடராஜருக்கும் கொடுக்க வேண்டும்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு கொச்சிக்கடைச் சந்தியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிய நாட்கள் நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எதை நம்புகிறார் என்று கேட்காமலே அவரைப் பற்றி எல்லாம் தெரிந்ததாக நினைத்தோம். அந்த ஐந்து வரியை எழுத, ஒரு முஸ்லிம் பையன் தன் இந்து நண்பனிடம், "நீங்க அத சிலைன்னு சொல்ல மாட்டீங்களா? ஏன்?" என்று கேட்டான். அவன் வீட்டில் கேட்டு வந்து பதில் சொன்னான். அந்தக் கேள்வியையும் பதிலையும் கழற்றச் சொல்கிறீர்களா?

குறிப்பு இன்னும் சுவரில் இருக்கிறது. அதில் ஒரு தகவல் பிழை என்று யாராவது காட்டினால் அன்றைக்கே திருத்துவோம். "நம்புகிறார்கள்" என்ற சொல்லை மட்டும் எடுக்க மாட்டோம்.