ஒன்றுபோல் இருந்தால் ஒன்றாகிவிடுமா?

கணினித் திரையில் நீண்ட அட்டவணை ஒன்று இருக்கிறது, பதிவிறக்க வழியில்லை. அட்டவணையை மெல்ல நகர்த்திக்கொண்டே திரையைக் காணொளியாகப் பதிவு செய்கிறோம். பின்னர் அதிலிருந்து படங்களைப் பிரித்தெடுத்து, எழுத்துகளைப் படிக்கும் மென்பொருளால் வரிகளாக மாற்றுகிறோம். ஒரு படத்தின் கடைசி வரிகள் அடுத்த படத்திலும் தெரியும். இந்த இரட்டிப்பை நீக்க, பலர் எல்லா வரிகளையும் ஒன்றாகக் கொட்டி `Remove Duplicates` பொத்தானை அழுத்துகிறார்கள். இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பேன்.

ஏன்? பள்ளிக் கூட்டுறவுக் கடையின் விற்பனைப் பட்டியல் ஒன்றைக் கற்பனை செய்வோம். அதில் வரிசை எண்ணோ நேரமோ இல்லை; பொருளும் விலையும் மட்டுமே உள்ளன.

முதல் படம்: பேனா, நோட்டு, பேனா, பேனா, அழிப்பான்.
இரண்டாம் படம்: பேனா, அழிப்பான், பென்சில், பேனா, அடிக்கோல்.

பேனா 1.50 ரிங்கிட், நோட்டு 2.00, அழிப்பான் 0.80, பென்சில் 0.70, அடிக்கோல் 1.00. பொத்தானை அழுத்தினால் ஐந்து வரிகளே மிஞ்சும், மொத்தம் 6.00 ரிங்கிட். நான்கு பேனா விற்றிருக்க, ஒன்றுதான் கணக்கில் வரும்.

சரியான வழி, வரிகளைத் தனித்தனியாக ஒப்பிடாமல் அவற்றின் வரிசையை ஒப்பிடுவது. முதல் படத்தின் கடைசி ஒரு வரி, இரண்டாம் படத்தின் முதல் வரியோடு பொருந்துகிறதா? அழிப்பானும் பேனாவும் பொருந்தவில்லை. கடைசி இரண்டு வரிகள்? பேனா, அழிப்பான், அங்கும் பேனா, அழிப்பான். பொருந்துகிறது. மூன்று, நான்கு, ஐந்து வரிகளாகப் பார்த்தால் பொருந்தவில்லை. ஆகவே இரண்டாம் படத்தின் முதல் இரண்டு வரிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைச் சேர்க்கிறோம். எட்டு வரிகள், 10.50 ரிங்கிட்.

இதிலும் சிக்கல் உண்டு. முதல் படம் "பேனா, பேனா" என முடிந்து, அடுத்தது "பேனா, பேனா" எனத் தொடங்கினால், பொதுவானது ஒரு வரியா இரண்டா என்று சொல்ல முடியாது. அதனால்தான் படங்களை நெருக்கமாக எடுக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட வரிகள் இரு படங்களிலும் இருந்தால், அவற்றில் வெவ்வேறு பொருள்களும் இருக்கக்கூடும். அப்போது பொருத்தம் தெளிவாகத் தெரிய வாய்ப்பு அதிகம். ஒரு பொருத்தமும் இல்லையென்றால், வேகமாக நகர்த்தியதால் இடையில் வரிகள் விடுபட்டிருக்கலாம், அல்லது மென்பொருள் 1.50-ஐ 7.50 எனத் தவறாகப் படித்திருக்கலாம். அந்த இடத்தில் படங்களைக் கண்ணால் பார்க்காமல் ஒட்டக்கூடாது. மேலும் கீழும் பாதி வெட்டுப்பட்ட வரிகளையும், ஒவ்வொரு படத்திலும் அசையாமல் நிற்கும் தலைப்பு வரியையும் ஒப்பிடும் முன்பே நீக்கிவிட வேண்டும்.

கடைசியில், அட்டவணையின் அடியில் மொத்தத் தொகை இருந்தால் அதனோடு உங்கள் கூட்டலை ஒப்பிடுங்கள். அங்கே 10.50 என்றிருக்க உங்களுக்கு 6.00 வந்தால், நீக்கப்பட்டவை இரட்டிப்பு வரிகள் மட்டுமல்ல, உண்மையான விற்பனைகளும்தான்.