சிம்முல காப்பி பண்ணாதீங்க மக்களே

போன மாசம் எங்கம்மா பட்டன் போன்ல இருந்து ஸ்மார்ட்போனுக்கு மாறினாங்க. நான் ஹாஸ்டல்ல இருந்தேன். புதுப் போன் வாங்கின கடையிலேயே "நம்பர் எல்லாம் மாத்திக் கொடுத்துடுறோம்மா"ன்னு சொல்லி, அஞ்சே நிமிஷத்துல வேலையை முடிச்சுட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு அம்மா ராஜேஸ்வரி பெரியம்மாவைப் பத்திப் புலம்பி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாங்க. அது நேரா அந்த ராஜேஸ்வரி பெரியம்மாவுக்கே போயிடுச்சு.

கடைக்காரர் பண்ணினது நம்மில் பாதிப் பேர் பண்றதுதான். போன் மெமரியில் இருந்த நம்பர்களை சிம்முக்குக் காப்பி பண்ணி, அந்த சிம்மைப் புதுப் போனில் போட்டு இம்போர்ட் பண்ணிட்டார். இந்த வழியையே விட்டுடணும்னு நான் சொல்றேன். ஏன்னா இது தப்பாப் போனாலும் எந்த எர்ரரும் காட்டாது.

சிம் கார்டில் ஒவ்வொரு பெயருக்கும் இவ்வளவு இடம்தான்னு கார்டு தயாராகும்போதே முடிவு பண்ணிடுவாங்க. பெரும்பாலும் 14 எழுத்து அளவுக்குத்தான் இருக்கும். அம்மா போனில் `Rajeswari Akka Salem`, `Rajeswari Akka Erode`ன்னு ரெண்டு பேர். `Rajeswari Akka`, எண்ணிப் பாருங்க, சரியா 14. ஊர் வெட்டுப்பட்டு ரெண்டு பேரும் ஒரே பெயரில் வந்து நின்னாங்க. புதுப் போன் "டூப்ளிகேட் இருக்கு, சேர்க்கட்டுமா?"ன்னு கேட்டிருக்கு. அம்மாவும் சரின்னு தட்டிட்டாங்க. ஒரே பெயர், உள்ளே ரெண்டு நம்பர். மிச்சத்தை எங்க பெரியம்மா சொல்லுவாங்க.

தமிழில் பெயர் பதிஞ்சிருந்தா இன்னும் மோசம். வழக்கமான 16-பிட் முறையில் ஒவ்வொரு குறியும் 2 பைட் எடுத்துக்கும். புள்ளி, துணைக்கால் எல்லாமே தனித்தனிக் குறி. 14 பைட்டில் 'ராஜேஸ்வரி' 'ராஜேஸ்'லயே நின்னுடும்.

இதுக்கு மேல இன்னொரு கூத்து. பல சிம்களில் மொத்தமே 250 பேருக்குத்தான் இடம். அம்மா போனில் 312 பேர். அகர வரிசையில் காப்பி ஆனதால் கடைசி 62 பேர் வரவே இல்லை. Sல பாதியில் இருந்து யாருமே கிடையாது. உஷா டீச்சர் நம்பரைத் தேடின அன்னிக்குத்தான் இது தெரிஞ்சது.

நல்லவேளை, பழைய போனை அழிக்காம பீரோவில் போட்டு வச்சிருந்தாங்க. அடுத்த லீவுல போய், கடையில் ஏத்தின லிஸ்ட்டை முழுசா அழிச்சுட்டு, vCard வழியா மறுபடியும் மாத்தினேன். பட்டன் போனின் காண்டாக்ட்ஸ் மெனுவில் பேக்கப்னோ 'send all'னோ ஏதாவது ஒண்ணு இருக்கான்னு தேடுங்க, மாடலுக்கு மாடல் பெயர் மாறும். அது மெமரி கார்டிலோ புளூடூத் வழியாகவோ ஒரு `.vcf` ஃபைலைக் கொடுக்கும். உள்ளே வெறும் டெக்ஸ்ட்தான்:

```
BEGIN:VCARD
VERSION:2.1
N:;Rajeswari Akka Salem;;;
TEL;CELL:98XXXXXXXX
END:VCARD
```

பெயர் முழுசா இருக்கு பாருங்க. தமிழ்ப் பெயர்னா `=E0=AE=85` மாதிரி கிறுக்கலாத் தெரியும். பயப்படாதீங்க, அது UTF-8 பைட்டுகள்தான், இம்போர்ட் பண்ணும்போது எழுத்தாயிடும். எல்லாரும் வந்தாச்சான்னு லேப்டாப்பில் எண்ணிடலாம்:

```
grep -c "BEGIN:VCARD" backup.vcf
```

எனக்கு 312 வந்தது. அப்புறம்தான் புதுப் போனின் காண்டாக்ட்ஸ் ஆப்பில் ஃபைலை இம்போர்ட் பண்ணினேன். எங்கே சேமிக்கணும்னு கேட்கும்போது அம்மாவோட ஜிமெயில் கணக்கைக் காட்டுங்க. சிம்மையோ போனையோ காட்டினா, அடுத்த போன் மாத்தும்போது இதே கதைதான்.

போட்டோ விஷயத்தில் அம்மாவுக்கு ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம்: தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிற படம். 640×480, நூறு கேபி கூட இல்லை. அவர் போனப்புறம் வேற நல்ல படமும் இல்லை. கடையில் மெமரி கார்டைக் கழட்டிப் புதுப் போனில் போட்டதோட சரி. இந்தப் படம் கார்டில் இல்லை, போன் மெமரியில் கிடந்தது. அதனால கேலரியில் ரெண்டு இடத்தையும் திறந்து பாருங்க. போன் மெமரியில் இருக்கிறதைக் கார்டுக்குக் காப்பி பண்ணி, போனை ஆஃப் பண்ணிட்டுக் கார்டை எடுத்து, கார்டு ரீடரில் போட்டு முதல்ல லேப்டாப்பில் ஒரு பிரதி வச்சுக்கங்க. புளூடூத்திலும் அனுப்பலாம், படத்தோட தரம் குறையாது. ஆனா உள்ளே தேதி பதியாத படங்கள் எல்லாம் இன்னிக்கு எடுத்த மாதிரி வரிசையில் மேலே வந்து நிற்கும். கார்டைப் புதுப் போனில் போட்டதும் 'Format' கேட்டா மட்டும் கை வைக்காதீங்க. மொத்தமும் காலியாயிடும்.

பழைய போன் இப்பவும் பீரோவில்தான் இருக்கு, மாசம் ஒரு தடவை சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லியிருக்கேன். சேலம் பெரியம்மா இன்னும் எங்க வீட்டுக்குப் போன் பண்ணலை.